சீட்டுப் பணத்தை எடுக்காதீங்க, முதல்ல 100 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிட்டு வரச் சொல்லுங்க

கொளத்தூர்ல இருந்து ஒரு அம்மா பையனைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. பையன் பி.காம் கடைசி வருஷம், ஒரு அரியர் பாக்கி இருக்கு, ஏப்ரல்ல செமஸ்டர். அவனுக்கு ஒரு ஐடியா, அப்பார்ட்மென்ட் வீடுகளுக்குப் போய் சீலிங் ஃபேன், ஜன்னல் கொசுவலை எல்லாம் கிளீன் பண்ணிக் கொடுக்கணும்னு. அதுக்கு வெப்சைட், டி-ஷர்ட், ஏணி, வேக்யூம் கிளீனர்னு 60,000 ரூபாய்க்கு லிஸ்ட் போட்டு வெச்சிருக்கான். அம்மா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துத் தரலாமான்னு யோசிக்கிறாங்க. மாமா என்னடான்னா பிசினஸ் பண்றவனுக்கு எம்பிஏ இல்லாம எப்படி, முதல்ல அதுல சேர்த்து விடுன்னு தினமும் போன்ல பிடிச்சுக்கிறாரு.

பயப்படாதீங்க அம்மா, நல்ல பையன்தான், வேலை செய்யத் தயங்காதவன். அவ்வளவுதான் என் ஆறுதல். இனிமே நேரா சொல்றேன்.

சீட்டை எடுக்காதீங்க. ஆரம்ப மாசங்கள்ல தள்ளி எடுத்தா தள்ளுலயே நல்ல தொகை போயிடும், அதுக்கப்புறமும் மாசத் தவணையை கடைசி வரைக்கும் கட்டித்தான் ஆகணும். இன்னும் ஒரு கஸ்டமர் கூட இல்லாத வேலைக்கு இந்த பாரத்தை வீட்டு மேல ஏத்த நான் சம்மதிக்க மாட்டேன். எம்பிஏவும் இப்ப வேண்டாம். லட்சக்கணக்குல செலவு பண்ணி ரெண்டு வருஷம் படிச்சாலும், எதிர் பிளாக்ல இருக்கற ஆன்ட்டி ஃபேன் துடைக்க 350 ரூபாய் கொடுப்பாங்களா மாட்டாங்களான்னு அந்த கிளாஸ்ல யாரும் சொல்ல மாட்டாங்க. கம்பெனி ரிஜிஸ்டர் பண்ணணும்னு மாமா சொன்னதும் இப்ப தேவையில்ல, சர்வீஸ்ல வருஷ வரவு 20 லட்சம் தாண்டினாதான் பொதுவா ஜிஎஸ்டி பேச்சே வரும், உதயம் பதிவு வேணும்னா அது இலவசம், எப்ப வேணா பண்ணிக்கலாம்.

அப்ப என்ன பண்றது? பொருள் வாங்கறதுக்கு முன்னாடி வேலையை வித்துப் பார்க்கணும். இதைத்தான் யாரும் பண்றதில்ல.

முதல்ல பரீட்சை டைம்டேபிளை எடுத்து வைக்கச் சொன்னேன். ஸ்டடி லீவ் ஆரம்பிக்கற நாளுக்கு முன்னாடி வர ரெண்டு சனிக்கிழமை மதியம் மட்டும்தான் இதுக்கு, மத்த நேரம் அரியர் பேப்பருக்கு. யாராவது "நாளைக்கே வாப்பா"ன்னு கூப்பிட்டாலும் போகக்கூடாது, பரீட்சை முடிஞ்சதும் வரேன்னு தேதி சொல்லிடணும். இதுல நான் கொஞ்சமும் வளைஞ்சு கொடுக்கல.

அடுத்தது கேக்கற விதம். "ஆன்ட்டி இப்படி ஒரு சர்வீஸ் வந்தா எடுப்பீங்களா"ன்னு கேட்டா எல்லாரும் சூப்பர்பான்னுதான் சொல்லுவாங்க, பிள்ளை மனசு நோகக்கூடாதே. அதனால நடந்து முடிஞ்சதைக் கேக்கணும். கடைசியா ஃபேன் எப்ப துடைச்சீங்க, யார் துடைச்சாங்க, எவ்வளவு கொடுத்தீங்க? வீட்டு வேலைக்கு வர்றவங்களே கொஞ்சம் எக்ஸ்ட்ரா வாங்கிட்டு செஞ்சுடறாங்கன்னா நம்ம நிஜமான போட்டி அவங்கதான். இதைக் கேட்டுட்டு அடுத்த வாக்கியத்துலயே விலையைச் சொல்லணும், மூணு ஃபேன், நாலு கொசுவலை, 350 ரூபாய், இந்த சனிக்கிழமை 3 மணி, இப்ப 100 ரூபாய் ஜிபே பண்ணினா இடம் உங்களுக்குன்னு. "அப்புறம் பார்க்கலாம்"னா அது இல்லைன்னுதான் அர்த்தம், நோட்டுல அப்படியே எழுதணும். சொந்தக்காரங்க, அப்பாவோட ஃப்ரெண்ட்ஸ் கணக்குலயே வரக்கூடாது, அவங்க கொடுக்கறது மொய்.

இன்னொண்ணு, எவ்வளவு வந்தா தொடரலாம்னு முன்னாடியே எழுதிக் கையெழுத்து போடச் சொன்னேன். அப்புறம்னா மனசு ஆசைக்குத் தகுந்த மாதிரி கணக்கை மாத்திக்கும். 12 வீட்டுல கேக்கணும், 3 வீடாவது அட்வான்ஸ் தரணும், வேலை முடிஞ்ச வீட்டுல 2 பேராவது அடுத்த தேதி சொல்லணும். இது வந்தா பரீட்சைக்கப்புறம் ஏணி வாங்கலாம், இல்லைன்னா வாங்கக்கூடாது.

பையன் செஞ்சான். 12 வீட்டுல 9 பேர் நல்ல ஐடியான்னாங்க, 100 ரூபாய் போட்டது 3 பேர். அதுல ஒருத்தர் ஊருக்குப் போறேன்னு கேன்சல் பண்ணினார், அன்னிக்கே பணத்தைத் திருப்பி அனுப்பிட்டான். மீதி ரெண்டு வீட்டுக்கு அசோசியேஷன்ல ஏணியை இரவல் வாங்கிட்டு, வீட்டுப் பழைய தலையணை உறை, பெட்ஷீட், சோப்புத்தண்ணியோட போனான். சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, இறக்கைக்கு மேல தலையணை உறையை மாட்டி உருவினா தூசி உள்ளயே தங்கிடும், கட்டில் மேல கொட்டாது. இன்னொரு கையால இறக்கையை அடியில தாங்கிப் பிடிக்கணும், இல்லைன்னா வளைஞ்சு அப்புறம் ஃபேன் ஆட்டம் கொடுக்கும். ஃபேன்ல பிரச்சனை வரல, கொசுவலையிலதான் வந்துச்சு. வலையைப் பிரிச்சு அலசிக் காய வெச்சு திரும்ப ஒட்டப் போனா, ஜன்னல் ஃபிரேம்ல இருந்த பழைய வெல்க்ரோ டேப் ஒரு ஓரத்துல கையோட உரிஞ்சு வந்துடுச்சு. அந்த வீட்டம்மா முகம் மாறிடுச்சு, நியாயம்தானே, ராத்திரி கொசுவுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க? அன்னிக்கு சாயங்காலமே டேப் வாங்கிட்டு வந்து ஒட்டிக் கொடுத்தான். இப்ப வலையில கை வைக்கறதுக்கு முன்னாடி நாலு ஓரத்தையும் அழுத்திப் பார்த்து, லூசா இருந்தா முதல்லயே காட்டிடறான்.

கணக்குக்கு வரேன். ஒரு வீட்டுக்கு மட்டும் போன அன்னிக்கு, பெட்ரோல், சோப்பு 40 ரூபாய் போக கையில 310. வீட்டை விட்டுக் கிளம்பினதுல இருந்து திரும்பி வந்தது வரைக்கும் 2 மணி 50 நிமிஷம். மணிக்கு 110 ரூபாய் கிட்டதான் வருது. வேலை நேரத்தை மட்டும் கணக்கு போட்டா ஜாஸ்தியா தெரியும், ஏணி தூக்கறதும் வழியும் கேட்ல காத்திருக்கறதும் உங்க நேரம்தான். அதே அப்பார்ட்மென்ட்ல ஒரே மதியம் ரெண்டு வீடு கிடைச்சா, போக்குவரத்து ஒரு தடவைதான், 650 ரூபாய் நாலரை மணி நேரத்துல, மணிக்கு 145 கிட்ட ஏறிடும். விலையை ஏத்தறதை விட ஒரே பிளாக்ல வீடு சேர்க்கறதுதான் இந்த வேலையோட உயிர்நாடி. வெப்சைட் போட்டிருந்தா தாம்பரத்துல ஒண்ணு, திருவொற்றியூர்ல ஒண்ணுன்னு ஆர்டர் வந்து பெட்ரோலுக்கே சரியா போயிருக்கும்.

அடுத்த தேதி கேட்டப்போ ஒரு வீடு தீபாவளிக்கு முன்னாடி வான்னாங்க, இன்னொரு வீடு வேலைக்காரம்மாவே பார்த்துப்பாங்கன்னுட்டாங்க. அப்ப ரெண்டுக்கு ஒண்ணுதான், எழுதின அளவு வரல. அதனால ஏணி வாங்கல. பையனுக்கு முகம் வாடிடுச்சு, ஆனா மறுத்துப் பேசல, கையெழுத்து அவனோடதுதானே.

மாமா கேட்டா இதைச் சொல்லுங்க அம்மா, ஐடியா செத்துப் போகல, 60,000 ரூபாய் செலவாகாம மிச்சமாயிருக்கு. கொசுவலைக்குத்தான் ஆள் கிடைக்கலன்னு நிறைய வீட்டுல புலம்பினாங்கன்னு பையன் நோட்டுல எழுதியிருக்கான், டேப் மாத்தறதையும் சேர்த்து தனி விலை சொல்லி, கடைசிப் பரீட்சைக்கு அடுத்த வாரம் ஒரே ஒரு பிளாக்ல மறுபடி கேக்கட்டும். அதுவரைக்கும் கஸ்டமர்ஸ் மெசேஜ் வர்ற போன் உங்ககிட்ட இருக்கட்டும், "பரீட்சை முடிஞ்சதும் கூப்பிடறான்"னு நீங்களே பதில் போட்டுடுங்க.