பில்டர் சொன்ன 2.67 லட்சம் மானியம் எங்களுக்குக் கிடைக்குமா?

கேள்வி: எனக்கு மாதம் 38,000, மனைவிக்கு 22,000 சம்பளம். ஆவடியில் 34 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். 24 லட்சம் கடன் வாங்க உத்தேசம். அரசு மானியமாக 2.67 லட்சம் வந்துவிடும், முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார் பில்டர். ஊரில் அப்பா பெயரில் வீடு இருக்கிறது. மூன்று வருடத்தில் ஊர் நிலத்தை விற்று 11 லட்சம் கடனில் கட்டிவிடலாம் என்றும் நினைக்கிறோம். மானியம் எங்களுக்குக் கிடைக்குமா?

பதில்: பில்டர் சொல்லும் 2.67 லட்சம் பழைய கணக்கு. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் முதல் கட்டத்தில் இருந்த தொகை அது. அந்தக் கடன் மானியம் 2022 மார்ச்சோடு முழுவதுமாக முடிந்துவிட்டது. இப்போது நடப்பது நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டம். 2024 செப்டம்பர் 1 அல்லது அதற்குப் பிறகு அனுமதியாகி, பணமும் கொடுக்கப்பட்ட கடனுக்குத்தான் பொருந்தும். இதில் அதிகபட்சம் 1.80 லட்சம்.

தகுதியைப் பொறுத்தவரை உங்களுக்குச் சிக்கல் தெரியவில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், உங்களுடையது 7.2 லட்சம். வீட்டின் மதிப்பு 35 லட்சத்தையும் கடன் 25 லட்சத்தையும் தாண்டக் கூடாது. இரண்டிலும் நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். ஆகவே கார் பார்க்கிங், உள் அலங்காரம் என்று பில்டர் பிறகு விலையை ஏற்ற ஆரம்பித்தால் உஷாராகிவிடுங்கள். கார்ப்பெட் ஏரியா 120 சதுர மீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய 1,290 சதுர அடி வரை போகலாம்.

அப்பா வீடு தடையில்லை. கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள், இவ்வளவுதான் இந்தத் திட்டத்தின் கணக்கில் குடும்பம். இவர்களில் யார் பெயரிலும் நாட்டின் எந்த மூலையிலும் பக்கா வீடு இருக்கக் கூடாது. மனைவிக்குப் பிறந்த வீட்டுப் பத்திரத்தில் பங்கு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கடந்த 20 ஆண்டுகளில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பயன்பெற்றிருந்தாலும் கிடைக்காது.

சரி, பணம் எப்படி வரும்? கடனின் முதல் 8 லட்சத்துக்கு மட்டும், அதிகபட்சம் 12 வருடத்துக்கு, 4 சதவீத வட்டியைக் கணக்கிட்டு மானியத்தை முடிவு செய்கிறார்கள். நீங்கள் 24 லட்சம் வாங்கினாலும் 8 லட்சம் வாங்கினாலும் தொகை ஒன்றுதான். அது ஐந்து வருடாந்திரத் தவணைகளாக வரும், சமமாகப் பிரித்தால் தவணைக்கு 36,000. ஆக, இதை நம்பி முன்பணத்தைக் குறைக்க முடியாது. பத்திரப் பதிவன்று உங்கள் கையில் இந்தப் பணம் ஒரு ரூபாய்கூட இருக்காது.

உங்கள் நிலம் விற்கும் திட்டம் இடிப்பது இங்கேதான். ஒவ்வொரு தவணை வரும்போதும் கடன் உயிரோடு இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கியும் இருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கோடு 12 லட்சம். 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 20,830. மூன்று வருட முடிவில் அசல் பாக்கி ஏறக்குறைய 22.4 லட்சம் இருக்கும். அதில் 11 லட்சத்தைக் கட்டினால் பாக்கி 11.4 லட்சமாகிவிடும், மீதித் தவணைகள் நின்றுபோகும். 8 லட்சம் கட்டினால் அப்போதைக்குத் தப்பிக்கலாம். ஆனால் அதே மாதத் தவணையைத் தொடர்ந்தால் அடுத்த இரண்டு வருடத்தில் பாக்கி 11.7 லட்சத்துக்கு இறங்கி, கடைசித் தவணை கைநழுவும்.

நானாக இருந்தால் 7 லட்சத்தைக் கடனில் கட்டிவிட்டு, 4 லட்சத்தை எஃப்.டி.யில் போட்டு வைப்பேன். எஃப்.டி. வட்டி கடன் வட்டியைவிட 2 சதவீதம் குறைவு என்றாலும் வருடத்துக்கு நஷ்டம் 8,000தான், வட்டிக்கு வரி போனால் இன்னும் கொஞ்சம். அதற்கு ஈடாக வருடம் 36,000 வருகிறது. கடைசித் தவணை கணக்கில் ஏறியதும் அந்த 4 லட்சத்தையும் கட்டிவிடுங்கள். வட்டி குறைவு என்று நடுவில் வேறு வங்கிக்குக் கடனை மாற்றும் எண்ணம் வந்தால், பழைய கடன் முடிந்துவிடும் என்பதை நினைவில் வைத்து, மீதித் தவணைகள் என்னாகும் என்று முதலில் வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

pmay-urban.gov.in தளத்தில் விண்ணப்பிக்கும்போது குடும்பத்தார் எல்லோருடைய ஆதாரும் வேண்டும். கடன் விண்ணப்பம் கொடுக்கும் அன்றே, இந்த வட்டி மானியத்துக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம் என்று கிளையில் சொல்லிவிடுங்கள். அப்புறம், அந்த 2.67 லட்சத்தைக் கழித்து பில்டர் ஏதாவது கொட்டேஷன் கொடுத்திருந்தால், அது இல்லாமல் புதிதாக ஒன்று எழுதித் தரச் சொல்லுங்கள்.