கல்யாணப் போட்டோவில் எண்ணெய்ப் பளபளப்பைக் குறைப்பது

"கல்யாணப் போட்டோவில் மேக்கப் தூக்கலாக, முகம் எண்ணெய் வழிவது போல இருக்கிறது. இயல்பாக மாற்ற முடியுமா?"

முடியும். பளபளப்பு தோலின் நிறமல்ல. ஃப்ளாஷ் வெளிச்சம் தோலில் பட்டு அப்படியே திரும்புவது. ஈரத் தரையில் டியூப்லைட் தெரியும் இடத்தில் தரையின் நிறம் தெரியாதே, அது மாதிரி. அங்கே வெளிச்சத்தை மட்டும் குறைத்தால் சாம்பல் பூசியது போலாகும். நிறத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

போட்டோஷாப்பில் புது லேயரின் blend mode-ஐ Darken-இல் வைத்து, நெற்றியின் வெள்ளைத் திட்டுக்குப் பக்கத்துத் தோல் நிறத்தை எடுத்து, 20% அடர்த்தியில் பிரஷ்ஷால் திட்டின் மேல் மெல்லத் தடவுங்கள். மூக்கு நுனியில் கொஞ்சம் மினுமினுப்பு இருக்கட்டும், இல்லையென்றால் முகம் தட்டையாகிவிடும். அப்புறம், முகம் கழுத்தை விட வெளுத்திருந்தால் முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அதன் வெளிச்சத்தை Curves-இல் சற்று இறக்குங்கள்.

ப்ளர் செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தோலின் நுண்துளைகளைத்தான் அழிக்கும், வெள்ளைத் திட்டு போகாது.