தோடியின் காந்தாரம்

அன்புள்ள ஐயா,

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், இரண்டு வருஷமாக கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். போன வாரம் புத்தகத்தைப் பார்த்து தோடி ராகத்தின் ஆரோகண அவரோகணத்தை ஒரு சுரம் பிசகாமல் வாசித்தாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்து, "சிந்துபைரவியா கண்ணு?" என்று கேட்டார். பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கே தப்பு?

ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள அம்மா,

பெரியம்மாவின் காது சரி. மகளின் விரலும் சரி. அந்த ஏழு சுரங்களும் தோடியுடையவைதான். ஆனால் அவை சிந்துபைரவியிலும் உண்டு, அங்கே வேறு சில சுரங்களும் கூடவே வந்துபோகும். பெரிய வித்தியாசம் மூன்றாவது சுரமான காந்தாரத்தில் இருக்கிறது. சிந்துபைரவியில் அது பெரும்பாலும் நின்று ஒலிக்கும். தோடியில் நிற்காது.

நான் குன்னூரில் வயலின் கற்றுக்கொண்டபோது என் ஆசிரியர் தோடிக்கு வந்ததும் ஒரு மாதம் காந்தாரத்தைத் தாண்டவில்லை. என் விரலைப் பிடித்து ரிஷபத்துக்குப் பக்கத்தில் வைப்பார். அங்கிருந்து மேலே மத்தியமத்தைத் தொடுகிற அளவுக்கு இழுத்து, மறுபடி கீழே கொண்டுவந்து, திரும்ப மேலே. தந்தியில் காந்தாரத்துக்கென்று ஓர் இடம் இருக்கிறதல்லவா, அந்த இடத்தை விரல் கடந்து போகுமே தவிர அங்கே உட்காராது. ஆனாலும் கேட்கிறவருக்கு அது 'கா'தான். பாடுகிறவரும் அதைக் 'கா' என்றுதான் சொல்வார். எனக்கு இன்றைக்கும் இது ஆச்சரியம்தான்: காந்தாரம் என்று நாம் கேட்பது ஒரு புள்ளியை அல்ல, ரிக்கும் மவுக்கும் நடுவே நடக்கும் ஓர் அசைவை. இதைத்தான் கம்பிதம் என்கிறார்கள்.

புத்தகத்தில் 'க' என்ற ஓர் எழுத்து மட்டும் இருந்தால் இந்த அசைவு பிள்ளைக்கு எப்படித் தெரியும்? சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் சுரங்களோடு, அவற்றை அசைக்கும் கமகங்களுக்கும் தனிக் குறிகள் போட்டுத்தான் அச்சிட்டார். இப்போது கிடைக்கும் பாடப் புத்தகங்கள் பலவற்றில் அவை இல்லை.

சரி, கீபோர்டில் என்ன செய்யலாம்? இடது ஓரத்தில் சுருதியை வளைக்கும் சக்கரம் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான கருவிகளில் அது மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் வளையும்படி அமைத்திருப்பார்கள். தோடிக்கென்றே செய்ததுபோல் இருக்கும். சுருதியை ஒரு கட்டையில், அதாவது C-யில் வைத்துக்கொண்டால், ரியும் கவும் அடுத்த இரண்டு கறுப்புக் கட்டைகள். க-வை அழுத்திச் சக்கரத்தை முழுக்கக் கீழே இறக்கினால் ரி வரும், முழுக்க மேலே தள்ளினால் ம வரும்.

முதலில் சக்கரத்தைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு க-வை அழுத்தச் சொல்லுங்கள். பிறகு மவுக்குக் கொஞ்சம் முன்புவரை தள்ளி, திரும்ப இறக்கட்டும். ஓர் அட்சரத்துக்கு இரண்டு அசைவு போதும், அவசரம் வேண்டாம்.

இதில் மூன்று இடங்களில் தவறும். காந்தாரத்தை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் சின்னதாக ஆட்டினால் அது நடுக்கமாகத்தான் கேட்கும், உள்ளே ஒரு நிற்கும் 'கா' இருந்துகொண்டே இருக்கும். மேலே போய் மத்தியமத்திலேயே தங்கிவிட்டால் 'மா' என்று காது எழுதிக்கொள்ளும். மூன்றாவது கருவியின் குணம்: கையை எடுத்த நொடியில் சக்கரம் தானாக நடுவுக்கு வந்துவிடும், அதாவது அசையாத க-வுக்கு. அதனால் முதலில் கட்டையை விட வேண்டும், அப்புறம்தான் சக்கரத்தை.

எல்லாச் சுரத்தையும் இப்படி ஆட்டிவிடக் கூடாது என்பதையும் பிள்ளையிடம் சொல்லுங்கள். ஸவும் பவும் அசையாமல் நிற்பதால்தான் கவின் அசைவு தெரிகிறது. அசைவு மட்டும் இருந்தாலும் போதாது. தன்யாசி என்ற ராகம் இதே மேளத்தின், அதாவது தோடியின் சுரங்களின், பிள்ளை. அங்கேயும் காந்தாரம் அசையும், ஆனால் ஏறும்போது ரிஷபத்தை விட்டுவிட்டு ஸ-விலிருந்து நேரே க-வுக்குப் போவார்கள். எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதும் சேர்ந்தால்தான் ராகம்.

அதற்கு நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்கட்டும். நாகஸ்வரத்தில் துளையைப் பாதி மூடியும் மூச்சை அடக்கியும்தான் இந்த அசைவைக் கொண்டுவர வேண்டும். முழுதும் வேண்டாம், காந்தாரம் வரும் முதல் சில நிமிஷங்களை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால் போதும்.

தைவதத்தையும் நிஷாதத்தையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். ஒரு வாரம் 'ரி க ம' மட்டும் வாசிக்கட்டும். அப்புறம் ஒருநாள் பெரியம்மா வாசலில் இருக்கும்போது, எதுவும் சொல்லாமல், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். என்ன கேட்டார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து