ஃபேஸ் மார்ஜினைப் படிப்பது எப்படி?

கேள்வி: போடே வரைபடத்தில் ஃபேஸ் மார்ஜினை எப்படிப் பார்ப்பது? அது குறைந்தால் பெருக்கி ஏன் அலைகிறது?

பின்னூட்ட வளையத்தை ஒருமுறை சுற்றிவரும் சைகை எவ்வளவு பெருகுகிறது, எவ்வளவு பின்தங்குகிறது என்று காட்டும் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கக் கோடு 0 டெசிபலை வெட்டும் இடத்திலிருந்து நேர்கீழே ஃபேஸ் கோட்டுக்கு இறங்குங்கள். அங்கே −160° என்றால், −180° வரை மீதமுள்ள 20°தான் ஃபேஸ் மார்ஜின்.

பின்னூட்டத்தின் வேலை பிழையை எதிர்த்துத் தள்ளுவது. அது அரைச் சுற்று தாமதமானால் என்ன ஆகும்? ஊஞ்சலை நிறுத்த நீட்டிய கை, ஊஞ்சல் திசை மாறிய பிறகு, அது போகும் பக்கமே தள்ளிவிடும்! 0 டெசிபலில் சைகை தேயாமல் திரும்புவதால், மார்ஜின் சுழியானால் அலைவு ஓயாது. 20° இருந்தால் அடங்கும், ஆனால் மெதுவாக: உள்ளீடு சட்டென மாறினால், வெளியீடு அந்த மாற்றத்தின் அளவில் ஏறக்குறைய பாதி தூரம் இலக்கைத் தாண்டிப் போய், பலமுறை ஆடி நிற்கும். 60° இருந்தால் சிறு தாண்டலோடு முடிந்துவிடும்.

உள்ளீட்டிலிருந்து வெளியீடு வரையிலான மொத்தப் பெருக்கத்தை 1 ஆகக் குறைத்தால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். ஆப்-ஆம்ப் சுற்றில் அப்போதுதான் பின்னூட்டம் முழுமையாகி, வெட்டும் புள்ளி உயர் அதிர்வெண்ணுக்கு நகர்ந்து, மார்ஜின் இன்னும் சுருங்குகிறது.