வலிக்கும்வரை காத்திருக்கச் சொல்லாத கவிதை

அக்டோபர் மாத மகளிர் நலப் பேச்சுகளில் வாசிக்க, மார்பகப் பரிசோதனை பற்றிக் கவிதை எழுதும் சிலர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள்.

“வலித்தால் உடனே வாரும் அம்மா, வைத்தியர் முகம் பாரும் அம்மா” என்று தொடங்கியிருக்கிறேன். சரியா டாக்டர்? (பட்டர்வொர்த்)

ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் சொல்லை மாற்றிவிடுங்கள் அம்மா. ஆரம்பத்தில் புற்றுக் கட்டி பெரும்பாலும் வலிப்பதே இல்லை. உங்கள் வரியைக் கேட்டவர், “எனக்குத்தான் வலியே இல்லையே” என்று கட்டியோடு வீட்டிலேயே இருந்துவிடுவார். மலேசியாவில் முற்றிய நிலையில் மருத்துவமனைக்கு வருபவர்கள் இன்னும் நிறைய. மறுபக்கம், மாதவிடாய்க்கு முன் வரும் வலி பெரும்பாலும் ஹார்மோனால் வருவது. அதைப் புற்று என்று நினைத்துப் பயப்படவும் வேண்டாம். அப்புறம், எதைப் பார்ப்பது என்பதையும் கவிதை சொல்ல வேண்டும். இப்படிப் பாருங்கள்:

*மாத விலக்கு முடிந்ததும் ஒருநாள்*
*கண்ணாடி முன்னே நில்லம்மா;*
*கையை உயர்த்தி இருபுறம் பார்த்துக்*
*கக்கம் வரைக்கும் தடவம்மா.*
*வலியே இல்லாக் கட்டியும் உண்டு,*
*வாரம் கடத்த வேண்டாம்மா;*
*தோலில் குழியோ, காம்பில் உதிரமோ*
*தோன்றினால் தாதியிடம் சொல்லம்மா.*

விலக்கு முடிந்த சில நாள்களில் மார்பகம் மென்மையாக இருக்கும், வீக்கமும் குறைந்திருக்கும். அதனால்தான் அந்த நாள். விலக்கு முற்றிலும் நின்றவர்கள் மாதத்தில் ஏதாவது ஒரு தேதியை வைத்துக்கொள்ளட்டும். காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டாலும் காட்ட வேண்டும். இதை வாசித்து முடித்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: பெரும்பாலான கட்டிகள் புற்று அல்ல. எது புற்று என்று விரலால் முடிவு செய்ய முடியாது, அவ்வளவுதான்.

“மெமோகிராம் எடுத்தேன், இனி பயமில்லை” என்று முடிக்கலாமா? (செந்தூல்)

வேண்டாம். இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. ஒன்றில் ஒன்று மறைந்துபோகும். படம் சரி என்று வந்த பிறகு கட்டி தட்டுப்பட்டாலும் திரும்பப் போக வேண்டும். டாக்டர் தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்ட் எடுப்பார், ஊசியால் திசு எடுத்தும் பார்ப்பார். “படம் சரியென்றாலும் மாதாமாதம் பார்ப்பேன்” என்று முடியுங்கள்.

எந்த வயதைப் பாட்டில் வைப்பது? (ஜார்ஜ்டவுன்)

இரண்டு போதும். நாற்பதுக்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை அரசு சுகாதார கிளினிக்கில் கையால் பரிசோதனை. ஐம்பதிலிருந்து எழுபத்து நான்கு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மெமோகிராம். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ மார்பகப் புற்று வந்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும்; அதைப் பாட்டில் திணிக்காமல் பேச்சில் சொல்லுங்கள்.

மெமோகிராம் ரொம்ப வலிக்குமாமே? (பிரிக்பீல்ட்ஸ்)

தட்டுகளுக்கு நடுவே சில நொடி அழுத்துவார்கள். சிலருக்கு வலிக்கும், மறைக்காதீர்கள். விலக்கு முடிந்த வாரத்தில் போனால் குறைவாக இருக்கும். அன்று பவுடரோ கக்கத்துக்கு டியோடரன்டோ போட வேண்டாம். படத்தில் புள்ளிகளாகத் தெரிந்து குழப்பும்.