மேலும் பெருகுது, கீழும் பெருகுது: எது முந்தும்? தொடர்வரிசை எல்லைகள் பற்றிக் கேள்வி-பதில்

சுங்கை சிப்பூட் டவுனிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளில் பல ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. பின்னத்தின் தொகுதியும் பகுதியும் இரண்டுமே முடிவிலிக்குப் போனால் எல்லையை எப்படிச் சொல்வது? எல்லாப் பதில்களுக்கும் அடிப்படையான வரிசை இது:

```
ln n  <<  n^p  <<  c^n  <<  n!  <<  n^n      (p > 0, c > 1)
```

இதில் இடப்பக்கம் இருப்பதை வலப்பக்கம் இருப்பதால் வகுத்தால் எல்லை 0. p எவ்வளவு பெரிதானாலும், c ஒன்றைவிட எவ்வளவு கொஞ்சமாகக் கூடியிருந்தாலும் இது மாறாது. ஆனால் வலப்பக்கம் முந்துவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை இந்த வரிசை சொல்லாது. குழப்பம் பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி (ஆறாம் படிவ மாணவி): n^100 / 1.01^n, இதோட லிமிட் 0 என்று விடைத்தாளில் இருக்கிறது. கால்குலேட்டரில் போட்டால் n = 9 வரை ஏறிக்கொண்டே போகிறது, n = 10 என்றதும் Math ERROR. ஏறுகிற ஒன்று எப்படி சார் 0 ஆகும்?

உங்கள் கால்குலேட்டர் 10^100-க்குக் கீழே உள்ள எண்களை மட்டுமே காட்டும். n = 10 என்றால் தொகுதியே 10^100 ஆகிவிடுகிறது, அதனால்தான் அந்தச் செய்தி. நீங்கள் பார்த்த ஒன்பது உறுப்புகளும் மலையின் அடிவாரம்கூட இல்லை. இங்கே உறுப்பின் மதிப்பைப் பார்க்க வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளின் விகிதத்தைப் பாருங்கள்:

```
a(n+1)/a(n) = (1 + 1/n)^100 / 1.01
```

இந்த விகிதம் 1-க்கு மேல் இருக்கும்வரை தொடர்வரிசை ஏறும், 1-க்குக் கீழே போனால் இறங்கும். n = 1,000-இல் மேலே உள்ளது 1.001^100, அதாவது சுமார் 1.105. அதை 1.01-ஆல் வகுத்தால் 1.094, இன்னும் ஏற்றம்தான். n = 10,000-இல் விகிதம் 1.00005 அளவுக்கு வந்துவிடுகிறது, ஆனாலும் 1-க்குக் கீழே போகவில்லை. n = 10,050-இல்தான் முதன்முதலாக 1-க்குக் கீழே இறங்குகிறது. ஆகவே உச்சி a(10050). அதன் மதிப்பு 10^356-ஐத் தாண்டும். அங்கிருந்து இறங்கி, n சுமார் 117,300-ஐக் கடந்த பிறகே உறுப்புகள் 1-க்கும் கீழே வருகின்றன.

எது இதை இறங்க வைக்கிறது? அடுக்கு n^100 ஒவ்வொரு படியிலும் (1 + 1/n)^100 மடங்காகப் பெருகுகிறது. n கூடக் கூட அந்த மடங்கு 1-ஐ நோக்கித் தேய்கிறது. 1.01^n அப்படித் தேய்வதில்லை. முதல் படியிலும் 1.01 மடங்கு, லட்சமாவது படியிலும் 1.01 மடங்கு. மாதம் 1 விழுக்காடு கூட்டு வட்டிக்கு வாங்கிய கடன் அடைக்காமல் விட்டால் எப்படி ஏறுமோ, அப்படி.

தேர்வில் இதை எழுத மூன்று வரி போதும். விகிதத்தை எழுதுங்கள். அதன் எல்லை 1/1.01 என்றும் அது 1-க்குக் கீழே என்றும் காட்டுங்கள். பிறகு அந்த எல்லைக்கும் 1-க்கும் நடுவே ஓர் எண்ணை, எடுத்துக்காட்டாக 0.995-ஐ, எடுத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு N-க்குப் பிறகு எல்லா விகிதமும் 0.995-க்குள் அடங்கும் (இங்கே N = 20,300 போதும்). ஆகவே

```
0 < a(n) <= a(N) * 0.995^(n-N)
```

a(N) எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் அது மாறாத எண். 0.995^(n-N) அதை 0-க்கு இழுத்துவிடும். "விகிதம் 1-ஐவிடக் குறைவு" என்று மட்டும் எழுதி நிறுத்தினால் மதிப்பெண் போகும், போகவும் வேண்டும். 1 + 1/n என்ற தொடர்வரிசையில் ஒவ்வொரு விகிதமும் 1-க்குக் கீழேதான் இருக்கிறது, ஆனால் எல்லை 0 இல்லை. விகிதத்தின் *எல்லை* 1-க்குக் கீழே இருக்க வேண்டும்.

கேள்வி (தோட்டத்தில் கிராணியாக இருப்பவர், மகளுக்காக): 100^n / n! எங்கே திரும்புகிறது?

விகிதம் 100/(n+1). n = 99-இல் அது சரியாக 1, ஆகவே a(99)-உம் a(100)-உம் சமம்; அவைதான் உச்சி, சுமார் 10^42. n = 268 வரை மதிப்பு 1-க்கு மேல், 269-இலிருந்து 1-க்குக் கீழே. இங்கே விகிதமே 0-க்குப் போவதால் இறக்கம் முன்னதைவிட மிகவும் செங்குத்து. n!-ஐ நேரே போட்டுப் பார்க்க மகளிடம் சொல்லாதீர்கள். சாதாரணக் கால்குலேட்டர் 69!-க்கு மேல் போகாது. விகிதம் போதும்.

கேள்வி (மெட்ரிகுலேஷன் மாணவர்): n!/n^n-க்கு விகிதம் எடுத்தேன். (n/(n+1))^n என்று வந்தது. n/(n+1) ஒன்றுக்குப் போகிறது, ஒன்றை எத்தனை தடவை பெருக்கினாலும் ஒன்று. ஆகவே சோதனை ஒன்றும் சொல்லவில்லை என்று விட்டுவிட்டேன். சரியா?

விகிதம் சரி, அடுத்த படி தவறு. அடியில் உள்ளதை முதலில் 1-க்கு அனுப்பிவிட்டு, அடுக்கில் உள்ள n-ஐ மட்டும் காத்திருக்க வைத்திருக்கிறீர்கள். இரண்டிலும் இருப்பது ஒரே n. இரண்டும் சேர்ந்தே நகர வேண்டும். 1-க்குக் கொஞ்சம் குறைந்த எண்ணை n தடவை பெருக்கும்போது அந்தக் கொஞ்சக் குறைவு n தடவை சேர்கிறது. தலைகீழாக்கிப் பார்த்தால் தெளிவாகும்:

```
(n/(n+1))^n = 1 / (1 + 1/n)^n  ->  1/e
```

சோதித்தும் பாருங்கள். n = 10-இல் 0.3855, n = 100-இல் 0.3697, n = 1,000-இல் 0.3681. 1/e என்பது 0.3679. அது 1-க்குக் கீழே, ஆகவே எல்லை 0. எல்லை 0 என்று மட்டும் காட்டினால் போதும் என்றால் இன்னும் எளிய வழி உண்டு: n!/n^n என்பது (1/n)(2/n)...(n/n). முதல் காரணி 1/n, மற்றவை எதுவும் 1-ஐத் தாண்டாது. ஆகவே முழுப் பெருக்கமும் 1/n-க்குள் அடங்குகிறது.

அப்படியானால் 1/e எதற்கு? அங்கேதான் இந்தக் கேள்வி சுவையாகிறது. 2^n n!/n^n, 3^n n!/n^n இரண்டையும் எடுங்கள். மேலே சொன்ன வரிசை இங்கே கைகொடுக்காது. தொகுதியில் c^n, n! இரண்டும் கூட்டுச் சேர்ந்து n^n-ஐ எதிர்க்கின்றன; கூட்டணியைப் பற்றி வரிசை எதுவும் சொல்லவில்லை. விகிதத்தின் எல்லை முதலாவதில் 2/e, அதாவது 0.736, இரண்டாவதில் 3/e, அதாவது 1.104. ஆகவே ஒன்று 0-க்குப் போகிறது, மற்றது முடிவிலிக்குப் போகிறது. n = 20-இலேயே பிரிவு தெரிகிறது: முதலாவது 0.0243, இரண்டாவது 80.9. எல்லைக்கோடு 2-க்கும் 3-க்கும் நடுவே, சரியாக e-இல்.

அந்தக் கோட்டின் மேலேயே நின்றால்? e^n n!/n^n-க்கு விகிதத்தின் எல்லை 1. இங்கேதான் சோதனை உண்மையிலேயே ஒன்றும் சொல்லாது. ஸ்டெர்லிங் வாய்பாடு வேண்டும்: n! என்பது (n/e)^n √(2πn)-க்கு இணையாக வளர்கிறது. ஆகவே இந்தத் தொடர்வரிசை √(2πn) போல மெதுவாக முடிவிலிக்கு ஏறுகிறது.

கேள்வி (அதே மாணவர்): (ln n)^5 / n^0.1-க்கும் விகிதச் சோதனை செய்யலாமா? n = 1,000-இல் சுமார் 7,880, பத்து லட்சத்தில் 126,400 என்று வருகிறது. குறைகிற மாதிரியே தெரியவில்லை.

விகிதம் 1-க்குப் போய்விடும், பயனில்லை. மடக்கைக்கும் அடுக்குக்கும் எப்போதும் அப்படித்தான். விகிதச் சோதனை c^n, n! வருகிற இடத்துக்கான கருவி. இங்கே t = ln n என்று மாற்றுங்கள்:

```
(ln n)^5 / n^0.1 = t^5 / e^(0.1 t)
```

இப்போது இது அடுக்குக்கும் e^0.1 = 1.105 என்ற அடிக்கும் இடையிலான போட்டி, முதல் கேள்வி மாதிரியே. t முழு எண் இல்லையே என்று தயங்க வேண்டாம். t-ஐ k-க்கும் k+1-க்கும் நடுவே வைத்தால் மதிப்பு (k+1)^5 / e^(0.1k)-க்குள் அடங்கும், அது 0-க்குப் போகும்.

உச்சி t = 50-இல் வருகிறது. அதாவது n = e^50, சுமார் 5 × 10^21; அங்கே மதிப்பு ஏறக்குறைய 21 லட்சம். 1-க்குக் கீழே இறங்க t சுமார் 282 ஆக வேண்டும், அதாவது n சுமார் 10^122. சாதாரணக் கால்குலேட்டரில் 1-க்குக் கீழே இறங்குவதைப் பார்க்கவே முடியாது. மடக்கை வருகிற கணக்குகளில் எண்களைப் போட்டுப் பார்த்து எல்லையை ஊகிப்பதை அடியோடு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி (டியூஷன் ஆசிரியர்): n^√n-ஐயும் 2^n-ஐயும் ஒப்பிட இரண்டுக்கும் லோக் எடுத்து வகுத்தேன்; 0 வந்தது. ஆகவே 2^n பெரியது என்று மாணவர்களுக்குச் சொன்னேன். முறை சரிதானே?

முடிவு சரி. ஆனால் மடக்கைகளை வகுக்காமல் கழிக்கப் பழக்குங்கள், ஐயா. பின்னத்தின் மடக்கை என்பது மடக்கைகளின் வித்தியாசம். √n ln n − n ln 2 இங்கே எதிர் முடிவிலிக்குப் போகிறது, ஆகவே n^√n / 2^n-இன் எல்லை 0.

வகுத்தபோது 0 வந்தது நல்வாய்ப்பு. 1 வந்திருந்தால் சிக்கல். n^5 2^n-ஐயும் 2^n-ஐயும் எடுங்கள். மடக்கைகளை வகுத்தால் 1 + (5 ln n)/(n ln 2), அது 1-க்குப் போகிறது. உடனே "இரண்டும் சமமாக வளர்கின்றன" என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் அசல் விகிதம் n^5. அது முடிவிலிக்குப் போகிறது. கழித்திருந்தால் 5 ln n என்று நேரடியாகவே தெரிந்திருக்கும்.

கேள்வி (ஆறாம் படிவ மாணவர்): (2^n + 3^n + n^7)^(1/n) என்ன ஆகும்? n = 10-இல் 5.01 வருகிறது, விடையோ 3.

மூன்றில் கடைசியில் வெல்லப்போகும் 3^n-ஐ வெளியே எடுங்கள்: 3 × (1 + (2/3)^n + n^7/3^n)^(1/n). அடைப்புக்குள் இருப்பது 1-க்குப் போகிறது, ஆகவே எல்லை 3. n = 10-இல் n^7 ஒரு கோடி, 3^n வெறும் 59,049; அப்போது n^7-தான் முன்னால் நிற்கிறது, அதனால்தான் 5.01. n = 20-இலேயே 3^n முந்திவிடுகிறது, மதிப்பும் 3.05-க்கு இறங்கிவிடுகிறது.