பஞ்சகர்மாவுக்கு லீவ் கேட்பது: 14 நாள் என்பது ஏன் 14 நாள் இல்லை

கேள்வி: சென்னையில் தனியார் கம்பெனி வேலை, வாரம் ஐந்து நாள். இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கிற வலிக்கு, கேரளாவில் 14 நாள் தங்கி பஞ்சகர்மா செய்துகொள்ளச் சொல்லி ஆயுர்வேத டாக்டர் சீட்டு கொடுத்திருக்கிறார். எச்.ஆரில் "இது வெல்னஸ் டிரிப், சொந்த லீவில் போங்க" என்கிறார்கள். சிக் லீவ் கேட்கலாமா? எப்படி எழுத வேண்டும்?

பதில்:

கேட்கலாம். ஆனால் அதற்கு முன் இரண்டைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒன்று சீட்டில் உள்ள வாசகம், மற்றது 14 என்ற அந்த எண். பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இரண்டாவதில்தான். 14 நாளுக்கு லீவ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள், பன்னிரண்டாம் நாள் படுக்கையில் இருந்தபடியே "இன்னும் ஐந்து நாள் வேண்டும்" என்று மேனேஜருக்கு வாட்ஸப் அனுப்புவார்கள். எச்.ஆருக்குச் சந்தேகம் அங்கேதான் முளைக்கும்.

14 என்பது சராசரிக் கணக்கு. இந்த வலிக்கு விரேசனம், அதாவது பேதிச் சிகிச்சை, திட்டத்தில் இருந்தால் அது இப்படி நடக்கும். முதலில் பசியைத் தூண்டும் மருந்து சில நாள். அடுத்து மருந்து சேர்த்துக் காய்ச்சிய நெய்யைக் காலையில் வெறும் வயிற்றில் குடிப்பது. இது சிநேகபானம். நாளுக்கு நாள் அளவு கூடும். குடித்த நெய் செரித்து நன்றாகப் பசி எடுக்கும் வரை வெந்நீர்தான், சாப்பாடு கிடையாது. இதை எத்தனை நாள் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. உடம்பில் போதுமான நெய்ப்பு ஏறிய அறிகுறி தெரிந்ததும் டாக்டர் நிறுத்துவார். சிலருக்கு மூன்றே நாளில் தெரியும், சிலருக்கு ஏழு நாள் ஆகும். பிறகு எண்ணெய்த் தேய்ப்பும் வேதும் மூன்று நாள், பேதி மருந்து ஒரு நாள்.

அந்தப் பேதி நாளில் எத்தனை முறை போகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பத்தை ஒட்டி இருந்தால் சுத்திகரிப்பு குறைவு, இருபதை ஒட்டி இருந்தால் நடுத்தரம், முப்பதை ஒட்டி இருந்தால் முழுமை என்பது மரபான கணக்கு. அதை வைத்துத்தான் பிறகு கஞ்சியில் தொடங்கி வழக்கமான சாப்பாட்டுக்கு வருவதற்கு மூன்று நாளா, ஐந்து நாளா, ஏழு நாளா என்று முடிவாகும். ஆக, நீங்கள் ஆபீஸுக்குத் திரும்பும் தேதி அந்த ஒரு நாளின் கணக்கிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கூட்டிப் பாருங்கள். எல்லாம் சீக்கிரம் முடிந்தால் 3+3+1+3, பத்து நாள். எல்லாம் இழுத்தால் 7+3+1+7, பதினெட்டு நாள். நடுவில் 5+3+1+5 என்று போட்டால் உங்கள் டாக்டர் சொன்ன 14 வரும். பசி மருந்தை இதில் சேர்க்கவில்லை. அதைப் போகும் முன் வீட்டிலேயே தொடங்கலாமா என்று கேளுங்கள், சில நாள் லீவ் மிச்சமாகும். பெண்கள் மாதவிடாய்த் தேதியையும் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களில் நெய்யும் பேதியும் பொதுவாகக் கொடுப்பதில்லை. நடுவில் வந்துவிட்டால் திட்டம் தள்ளிப் போகும்.

திட்டத்தில் வஸ்தியும், அதாவது ஆசனவாய் வழியாக மருந்து செலுத்தும் சிகிச்சையும், உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வலிக்கு அடிக்கடி சேர்ப்பார்கள். எட்டு நாள் தொகுப்பு என்றால் மேலே சொன்ன கணக்கே மாறிவிடும். வஸ்தி எத்தனை நாளோ அதைப் போல் இரண்டு மடங்கு நாள் பத்தியம் என்பது பழைய விதி. அதில் தவிர்க்கச் சொல்லும் பட்டியலில் நெடுநேரம் உட்காருவதும் வண்டிப் பயணமும் இருக்கின்றன. ஆபீஸ் வேலையில் பாதி அதுதானே! இதை டாக்டர் எழுதித் தராவிட்டால் கம்பெனிக்குத் தெரிய வழியில்லை.

இனி சீட்டு. உங்களிடம் இருப்பதில் "புத்துணர்ச்சி", "டீடாக்ஸ்", "வெல்னஸ் பேக்கேஜ்" போன்ற சொல் ஏதாவது இருந்தால் எச்.ஆர் சொன்னதில் தப்பில்லை. அந்தச் சீட்டு சிக் லீவுக்கு உதவாது. டாக்டரிடம் திரும்பப் போய் மருத்துவச் சான்றாக எழுதித் தரச் சொல்லுங்கள். நோயின் பெயர் ஆயுர்வேதத்தில் கிருத்ரசி என்றும், கூடவே எல்லாருக்கும் புரிகிற சயாட்டிகா என்றும் இருக்க வேண்டும். பரிசோதனையில் என்ன தெரிந்தது, இதுவரை என்ன மருந்து எடுத்தும் குறையவில்லை என்பது இரண்டு வரி. அதற்குப் பிறகு வரும் வரிதான் உயிர்நாடி: ஏன் தங்கித்தான் செய்ய வேண்டும். "நெய் குடிக்கும் நாட்களிலும் பேதி நாளிலும் மருத்துவக் கண்காணிப்பும் கட்டுப்பட்ட உணவும் தேவை, வெளிநோயாளியாகச் செய்ய இயலாது" என்று இருந்தால் போதும். சேரும் தேதி, "சுமார் 14 நாள், உடல் நிலையைப் பொறுத்து 18 வரை", அதன்பின் வீட்டில் ஓய்வு எத்தனை நாள், டாக்டரின் பதிவு எண், தேதி, முத்திரை. இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும்.

எம்.ஆர்.ஐ அறிக்கையோ எலும்பு மருத்துவர் எழுதிய ஓ.பி. சீட்டோ இருந்தால் நகல் இணையுங்கள். சிகிச்சை செய்யும் இடமும் சான்று தரும் இடமும் ஒன்றாகவே இருந்தால், விற்பவரே சிபாரிசு செய்கிறார் என்று தோன்றும். வேறு ஒருவர் கண்டறிந்த நோய்க்குத்தான் இந்தச் சிகிச்சை என்று தெரிந்தால் அந்தக் கேள்வி எழாது. நோய் விவரம் எச்.ஆருக்கு மட்டும் போதும். மேனேஜருக்குத் தேதிகள் தெரிந்தால் போதும்.

லீவ் இருப்பு: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்படி ஆண்டுக்கு நோய் விடுப்பு 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள், ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தபின் ஈட்டிய விடுப்பு 12 நாள். உங்கள் கம்பெனி இதைவிடக் கூடுதலாகவே தரலாம், கையேட்டைப் பாருங்கள்.

ஜூன் 1 திங்கட்கிழமை சேர்கிறீர்கள், 14 நாள் சிகிச்சை, 15ஆம் தேதி டிஸ்சார்ஜ், அந்த வாரம் முழுக்க வீட்டில் ஓய்வு, 22 திங்கள் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 1 முதல் 19 வரை 15 வேலை நாள். முதல் 12, அதாவது 16ஆம் தேதி வரை, நோய் விடுப்பு. மிச்சம் 17, 18, 19 ஈட்டிய விடுப்பு. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களை டிஸ்சார்ஜ் சம்மரியே நிரூபிக்கும் என்பதால் நோய் விடுப்பை முன்னால் போடுவது நல்லது. லீவுக்கு நடுவில் வரும் சனி, ஞாயிறையும் லீவாகவே எண்ணுகிற கம்பெனி என்றால் கணக்கு 19 ஆகும். அப்போது ஜூன் 12ஆம் தேதியோடு நோய் விடுப்பு தீர்ந்துவிடும், 7 நாள் ஈட்டியதில் போகும். இதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், சம்பளச் சீட்டு வந்தபின் சண்டை போட வேண்டாம்.

கடிதம் சின்னதாக இருக்கட்டும்:

"பொருள்: உள்நோயாளி சிகிச்சைக்கு விடுப்பு, ஜூன் 1 முதல் 19 வரை.
சயாட்டிகா பாதிப்புக்கு மருத்துவர் அறிவுரையின்படி ஜூன் 1 முதல் உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற உள்ளேன். மருத்துவச் சான்றும் எம்.ஆர்.ஐ அறிக்கை நகலும் இணைத்துள்ளேன். ஜூன் 1 முதல் 16 வரை நோய் விடுப்பும், 17 முதல் 19 வரை ஈட்டிய விடுப்பும் வழங்க வேண்டுகிறேன். சான்றில் கண்டபடி சிகிச்சை 18 நாள் வரை நீளக்கூடும். அவ்வாறானால் மேலும் 4 வேலை நாட்கள் தேவைப்படலாம், அதை ஜூன் 12க்குள் தெரிவிப்பேன். என் பணிகளைக் கவனிக்க ஏற்பாடு செய்துள்ளேன், விவரம் தனியாக அனுப்பியுள்ளேன். ஜூன் 22 அன்று டிஸ்சார்ஜ் சம்மரியுடனும் தகுதிச் சான்றுடனும் பணியில் சேர்வேன்."

ஜூன் 12 என்று போட்டது சும்மா இல்லை. நெய் எத்தனை நாள் ஆனது, பேதி எப்படிப் போனது என்பது பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். அன்றே டாக்டரிடம் திருத்திய தேதியை ஒரு வரி எழுதி வாங்கி மெயிலில் அனுப்பலாம்.

"அங்கிருந்து கொஞ்சம் வேலை பார்க்கிறேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். நெய் செரிக்கிற நேரத்தில் தலை கனக்கும், குமட்டும், லேப்டாப்பைத் திறக்கவே தோன்றாது. அதைவிட முக்கியம், லாகின் பதிவு இருந்தால் நோய் விடுப்பு எதற்கு என்று பிறகு கேட்பார்கள்.

கடைசி நாள் பில்லை வாங்கியதும் ஒருமுறை படியுங்கள். சான்றில் சயாட்டிகா, பில்லில் "ரிஜுவனேஷன் பேக்கேஜ்" என்றிருந்தால் எச்.ஆர் மட்டுமல்ல, காப்பீட்டுக் கம்பெனியும் அதையே பிடித்துக்கொள்ளும். ஓய்வுக்காகவோ ஸ்பா மாதிரி இடத்திலோ எடுக்கும் சிகிச்சையைப் பாலிசிகள் வழக்கமாக விலக்கி வைத்திருக்கின்றன. புக் செய்யும்போதே இடம் ஆயுஷ் ஆஸ்பத்திரியாகப் பதிவானதா, ரிசார்ட்டா என்று கேளுங்கள். ஆடி மாதம், கேரளாவில் கர்க்கிடகம், அங்கே நெருக்கடியான காலம். அப்போது போவதென்றால் முதலில் படுக்கையை உறுதி செய்துகொண்டு, சேர்க்கைத் தேதி கையில் கிடைத்தபின் லீவ் எழுதுங்கள்.

மத்திய அரசு ஊழியர்கள் யாராவது இதைப் படித்தால்: உங்களுக்கு இது கம்யூட்டட் லீவ் விஷயம். எடுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அரைச் சம்பள விடுப்பில் இரண்டு நாள் கழியும், 19 நாளுக்கு 38. தனியார் டாக்டரின் சீட்டு மட்டும் பொதுவாகச் செல்லாது, சி.ஜி.எச்.எஸ் டாக்டர் அல்லது அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ அலுவலரின் சான்று வேண்டும். சான்று கிடைத்துவிட்டதாலேயே லீவ் கிடைத்துவிட்டது என்றும் ஆகாது, ஆணை வரும் வரை காத்திருக்க வேண்டும். ஊரை விட்டுப் போக அனுமதியையும் அதே விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள்.